மின்சுமையின் நான்கு அளவைகள்

வீட்டுச் சுவரிலே தொங்கும் மின்மானி மாத முடிவில் ஓர் எண்ணைக் காட்டுகின்றது. அதனைக் கொண்டு இத்தனை அலகு செலவாயிற்று என்று அறிந்து பணம் செலுத்துகின்றோம். கொள்வோனுக்கு இந்த ஓர் எண் போதும், கொடுப்போனுக்குப் போதாது. இரு குடும்பத்தினர் மாதம் 90 அலகு வீதம் செலவிடுகின்றனர் என்க. ஒரு குடும்பம் அதனை நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கொள்கின்றது. மற்றக் குடும்பமோ மாலை இரண்டு மணித்தியாலத்துள் முழுவதையும் கொள்கின்றது. அலகு ஒன்றேயாயினும், இரண்டாவது குடும்பத்திற்காகப் பருத்த கம்பியும் பெரிய நிலைமாற்றியும் வேண்டியிருக்கும். நெல்லைப் போலக் குதிரிலே நிறைத்து வைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் பொருளன்று மின்சாரம். கேட்கும் கணத்தில் கேட்கும் அளவு பிறப்பிக்கப்படல் வேண்டும். ஆதலால் எவ்வளவு என்பதோடு எப்பொழுது என்பதும் வினாவாகின்றது.

இவ்விரு வினாக்களுக்கும் விடை காண மின்பொறியியலார் நான்கு அளவைகளைக் கையாளுகின்றனர். அவை சுமை வளையி, கேள்விக் காரணி, சுமைக் காரணி, வேறுபாட்டுக் காரணி என்பன. இவற்றைத் தனித்தனியே வரையறுத்துப் படிக்கும் மாணவர் பலர், ஒன்றற்கு உரியதை மற்றொன்றன்மேல் ஏற்றிக் கூறக் காண்கின்றோம். ஒரு சிறு எடுத்துக்காட்டில் நான்கையும் ஒருங்கே வைத்து நோக்கினால் இம்மயக்கம் நீங்கும்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு விளக்கம் வேண்டும். 'கேள்வி' என்பது பண்டை வழக்கிற் செவிச்செல்வத்தையும், இன்றைய பேச்சு வழக்கில் வினாவையும் குறிக்கும். எமது நாட்டுப் பொருளியற் பாடநூல்களில் 'கேள்வியும் நிரம்பலும்' என வருமிடத்துச் சந்தையிலே கேட்கப்படும் அளவைக் குறிக்கின்றது. ஈண்டும் அப்பொருளிலேயே கொள்க. ஒரு நுகர்வோன் ஒரு நேரத்தில் வழங்கற் கம்பியிடம் கேட்கும் வலுவே அவனது கேள்வி. ஒரு நாளில் அக்கேள்வி எட்டும் மிகப் பெரிய அளவு உச்சக் கேள்வி. அவனிடமுள்ள விளக்கு, விசிறி, இயந்திரம் ஆகிய எல்லாவற்றின்மேலும் எழுதப்பட்ட வலுக்களைக் கூட்டி வருவது இணைத்த சுமை.

எடுத்துக்காட்டு

திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கரையோரத்தில் ஓர் ஒழுங்கையைக் கற்பனை செய்துகொள்வோம். அவ்வொழுங்கைக்கு 100 கிலோவோற்று அம்பியர் நிலைமாற்றி ஒன்று மின் வழங்குகின்றது. அதிலிருந்து மின் பெறுவோர் நால்வர்: மீன்பிடி வள்ளங்களுக்குப் பனிக்கட்டி செய்யும் ஆலை, அரிசி ஆலை, பாடசாலை, நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு. குடியிருப்பு முழுவதையும் ஒரு நுகர்வோனாகவே கொள்வோம்.

இணைத்த சுமை பனிக்கட்டி ஆலைக்கு 50 கிலோவாற்று, அரிசி ஆலைக்கு 30, பாடசாலைக்கு 20, வீட்டுக்கு 2 கிலோவாற்று வீதம் குடியிருப்புக்கு 80. ஆகக் கூடுதல் 180 கிலோவாற்று. ஒரு வேலைநாளில் அவர்கள் கொள்ளும் வலு, கிலோவாற்றில், பின்வருமாறு என்க.

| நேரம் | பனிக்கட்டி ஆலை | அரிசி ஆலை | பாடசாலை | வீடுகள் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| இரவு 10 – காலை 6 | 10 | 0 | 0 | 8 | 18 |
| காலை 6 – 8 | 10 | 0 | 0 | 20 | 30 |
| காலை 8 – பிற்பகல் 2 | 10 | 24 | 12 | 10 | 56 |
| பிற்பகல் 2 – மாலை 6 | 40 | 0 | 0 | 12 | 52 |
| மாலை 6 – இரவு 10 | 40 | 0 | 0 | 32 | 72 |

பனிக்கட்டி ஆலை பிற்பகல் 2 மணி முதல் எட்டு மணித்தியாலம் முழு வேகத்தில் இயங்குகின்றது. எஞ்சிய நேரத்தில் உப்புநீர்த் தொட்டியையும் களஞ்சிய அறையையும் குளிராக வைத்திருக்க 10 கிலோவாற்று மட்டும் கொள்கின்றது.

சுமை வளையி

இவ்வட்டவணையின் இறுதி நிரலைப் படமாக வரைவோம். கிடைக்கோட்டில் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை மணியையும், நிலைக்கோட்டில் கிலோவாற்றையும் குறித்தால் ஐந்து படிகள் கொண்ட உருவம் தோன்றும். இரவு முழுவதும் 18இற் படுத்திருந்து, காலையில் 30இற்கு எழுந்து, பகலில் 56இற்கு ஏறி, பிற்பகலில் 52இற்குச் சற்றே தாழ்ந்து, மாலையில் 72 என்னும் முடியை அடைந்து, மீண்டும் விழுகின்றது. இதுவே சுமை வளையி. மெய்யான வளையி படியாக நில்லாது அலையாக ஓடும். கணக்கின் எளிமை கருதிப் படியாக்கினோம்.

வளையியின் உச்சி நிலைமாற்றி எவ்வளவு பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதைக் கூறும். வளையியின் கீழடங்கும் பரப்பு எத்தனை அலகு விற்பனையாயிற்று என்பதைக் கூறும். ஒவ்வொரு படியின் உயரத்தையும் அதன் மணித்தியாலத்தாற் பெருக்கினால் 144, 60, 336, 208, 288 என வரும். இவற்றின் கூடுதல் 1036 அலகு. மற்ற மூன்று காரணிகளும் இவ்வளையியிலிருந்தும் இதன் உறுப்புக்களிலிருந்தும் பிறப்பனவே.

கேள்விக் காரணி

கேள்விக் காரணி = உச்சக் கேள்வி ÷ இணைத்த சுமை.

பனிக்கட்டி ஆலைக்கு 40ஐ 50ஆல் வகுக்க 0.8. அரிசி ஆலைக்கு 24ஐ 30ஆல் வகுக்க 0.8. பாடசாலைக்கு 12ஐ 20ஆல் வகுக்க 0.6. வீடுகளுக்கு 32ஐ 80ஆல் வகுக்க 0.4. ஒருவனிடம் இருப்பவற்றுள் எவ்வளவு பங்கு ஒருங்கே இயங்குகின்றது என்பதையே இவ்வெண் கூறுகின்றது. ஒரு வீட்டில் அழுத்துபெட்டியும் நீர்ப் பம்பியும் எல்லா அறை விளக்குகளும் ஒரே கணத்தில் இயங்குவதில்லை. அதனாலேயே வீட்டுக்கு இவ்வெண் சிறிது. ஆலையிலோ இயந்திரங்கள் சேர்ந்தே ஓடுவன; ஆதலால் எண் பெரிது.

இவ்வெண் சாதாரணமாக ஒன்றைத் தாண்டாது. தாண்டி வருமாயின், இணைத்த சுமையின் பட்டியலில் ஏதோ ஓர் இயந்திரம் விடுபட்டதென்றோ, இயந்திரம் தன் வலுவுக்கு மேல் உழைக்கின்றதென்றோ கொள்ளல் வேண்டும்.

உச்சக் கேள்வி என்பதும் ஒரு கணத்துப் பாய்ச்சலன்று. மோட்டர் புறப்படும்பொழுது சில வினாடி மின்னோட்டம் பன்மடங்கு ஏறும். அதனை உச்சமாகக் கொள்வதில்லை. 15 அல்லது 30 நிமிடச் சராசரிகளுள் மிகப் பெரியதையே கொள்வது வழக்கம். இருவருடைய உச்சங்களை ஒப்பிடுமிடத்து இரண்டும் ஒரே கால அளவில் எடுக்கப்பட்டனவா எனப் பார்த்தல் அவசியம்.

சுமைக் காரணி

சுமைக் காரணி = சராசரிச் சுமை ÷ உச்சக் கேள்வி.

ஒழுங்கையின் நாட்செலவு 1036 அலகு. அதனை 24ஆல் வகுத்தால் சராசரி 43.2 கிலோவாற்று. அதனை 72ஆல் வகுத்தாற் சுமைக் காரணி 0.60. 72 கிலோவாற்றுக்கென அமைத்த கம்பியும் கருவியும் நாள் முழுவதும் முற்றாகப் பயன்பட்டிருந்தால் 1728 அலகு வழங்கியிருக்கும். அதில் நூற்றுக்கு அறுபதே வழங்கிற்று என்பது இதன் பொருள். போட்ட முதல் எவ்வளவு உழைத்தது என்பதைக் காட்டும் எண் இது.

கேள்விக் காரணியிற் காலம் இல்லை. சுமைக் காரணியிற் காலம் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிய இதுவே வழி. பாடசாலையின் கேள்விக் காரணி 0.6, ஆயினும் அது 24 மணித்தியாலத்தில் ஆறு மணித்தியாலமே மின் கொள்வதால் அதன் சுமைக் காரணி 0.25. அரிசி ஆலைக்கும் 0.25 என்றே வரும். பனிக்கட்டி ஆலைக்கு 0.50, வீடுகளுக்கு 0.44.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க ஒன்றுண்டு. நால்வருள் மிக உயர்ந்த சுமைக் காரணி 0.50. நால்வரும் சேர்ந்த ஒழுங்கைக்கோ 0.60. உறுப்புக்கள் ஒவ்வொன்றும் தாழ்ந்திருக்கக் கூட்டம் எவ்வாறு உயர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தருவது நான்காவது அளவை.

வேறுபாட்டுக் காரணி

வேறுபாட்டுக் காரணி = தனித்தனி உச்சக் கேள்விகளின் கூடுதல் ÷ கூட்டத்தின் உச்சக் கேள்வி.

தனித்தனி உச்சங்கள் 40, 24, 12, 32. இவற்றின் கூடுதல் 108. ஆனால் நிலைமாற்றி ஒருபொழுதும் 108ஐக் கண்டதில்லை. அது கண்ட உச்சம் 72. ஆகவே வேறுபாட்டுக் காரணி 108ஐ 72ஆல் வகுக்க 1.5. பாடசாலை உச்சத்தில் நிற்கும்போது வீடுகள் அடங்கியிருக்கின்றன. வீடுகள் ஒளிரும்போது பாடசாலை பூட்டிக் கிடக்கின்றது. ஒருவர் இறங்க மற்றவர் ஏறுவதால் ஒரே கருவி இருவருக்கும் பயன்படுகின்றது. உச்சம் வரும் நேரங்களின் வேறுபாட்டை அளப்பதால் இதற்கு வேறுபாட்டுக் காரணி என்பது பொருந்தும்.

இவ்வெண் ஒன்றிற் குறையாது. சில நூல்கள் இதனைத் தலைகீழாக்கி 72ஐ 108ஆல் வகுத்து 0.67 எனத் தரும்; அது உடனிகழ்வுக் காரணி எனப்படும். ஒன்றிற் குறைந்த எண்ணைக் கண்டால் தலைகீழ் அளவை எனத் தெளிக. அறியாமல் வகுக்க வேண்டிய இடத்திற் பெருக்கினால், நிலைமாற்றி வேண்டியதில் இரு மடங்குக்கு மேலாகக் கணிக்கப்படும்.

மேலே எழுந்த வினாவுக்கு விடை இனி எளிது. 1036 அலகின் சராசரியை 108ஆல் வகுத்தால் 0.40 வரும். அதனை 1.5ஆற் பெருக்கினால் 0.60. அதாவது, தனித்தனியாரின் சுமைக் காரணிகளை அவரவர் உச்சத்தின் நிறைக்கேற்பச் சராசரியாக்கி வேறுபாட்டுக் காரணியாற் பெருக்கக் கூட்டத்தின் சுமைக் காரணி கிடைக்கின்றது. இதனை மின் வணிகத்தின் அடிப்படையாகக் கொண்டு வளர்த்தவர் சிக்காகோ நகரில் மின்கம்பனி நடத்திய சாமுவேல் இன்சல். இங்கிலாந்தின் பிரைற்றன் நகர மின்நிலையத்தில் ஆதர் றைற் என்பார் அமைத்த உச்சக் கேள்வி காட்டும் மானியைக் கண்டு, அலகுக்கு ஒரு விலையும் உச்சத்துக்கு ஒரு விலையும் வாங்கும் முறையை 1890களில் அவர் கைக்கொண்டார்.

கேள்விக் காரணிக்கும் வேறுபாட்டுக் காரணிக்கும் இடையே மயக்கம் நேர்வது வீடுகளின் கணக்கிலே. ஒரு வீட்டின் இணைத்த சுமை 2 கிலோவாற்று, அதன் உச்சம் 1.2 என்க. தனி வீட்டின் கேள்விக் காரணி 0.6. நாற்பது வீட்டுக்கு 48 கிலோவாற்று வருதல் வேண்டும். ஆனால் நாம் கண்டது 32. ஏனெனில் ஒரு வீட்டில் ஆறரைக்கும் மற்றொரு வீட்டில் எட்டுக்கும் உச்சம் வருகின்றது. குடியிருப்புக்குள்ளேயே 1.5 என்னும் வேறுபாட்டுக் காரணி மறைந்துள்ளது. நாம் முன்னர் கண்ட 0.4 என்பது இவ்விரண்டும் கலந்த எண். அதனை ஒரு தனி வீட்டின்மேல் ஏற்றி, அவ்வீட்டுக்கு 0.8 கிலோவாற்றுக்கேற்ற கம்பி போதும் என்றால் கம்பி சுடும். கேள்விக் காரணி ஒருவனுக்குள் நிகழ்வது. வேறுபாட்டுக் காரணி பலருக்கிடையே நிகழ்வது.

நேரத்தை மாற்றினால்

அவ்வொழுங்கையில் இன்னும் நாற்பது வீடுகள் எழுகின்றன என்க. மாலை உச்சம் 72உடன் 32 சேர்ந்து 104 கிலோவாற்று ஆகும். வலுக் காரணி 0.9 எனக் கொண்டால் அது 116 கிலோவோற்று அம்பியர். நிலைமாற்றி 100க்கு உரியது, தாங்காது. புதிய வீட்டார் விளக்கின்றிக் காத்திருப்பதா, புதிய நிலைமாற்றிக்குப் பணம் தேடுவதா?

அட்டவணையை மீண்டும் நோக்குக. மாலையில் விளக்கேற்றுவதை நள்ளிரவுக்கு ஒத்திவைக்க இயலாது. பாடசாலையை இரவில் நடத்த இயலாது. ஆனால் பனிக்கட்டி ஒரு சேமிப்பு. இரவில் உறையவைத்துக் களஞ்சியத்தில் இட்டால் மறுநாட் பிற்பகலிற் கடலுக்குப் புறப்படும் வள்ளத்திற்குத் தரலாம். ஆலையின் எட்டு மணித்தியால முழு வேலையைப் பிற்பகல் 2 – இரவு 10 என்பதிலிருந்து இரவு 10 – காலை 6 என்பதற்கு மாற்றுவோம். அப்பொழுது ஒழுங்கையின் மொத்தம் இரவில் 48, காலையில் 30, பகலில் 56, பிற்பகலில் 22, மாலையில் 42 ஆகும்.

செலவான அலகு அதே 1036. நால்வரின் கேள்விக் காரணிகளும் மாறவில்லை. நால்வரின் தனித்தனிச் சுமைக் காரணிகளும் மாறவில்லை. ஆலைக்கு இன்னும் 0.50தான். ஆனால் கூட்டத்தின் உச்சம் 72இலிருந்து 56இற்கு இறங்கி, மாலையிலிருந்து பகலுக்குப் பெயர்ந்தது. வேறுபாட்டுக் காரணி 108ஐ 56ஆல் வகுக்க 1.93. கூட்டத்தின் சுமைக் காரணி 0.77. இனிப் புதிய நாற்பது வீடுகளையும் சேர்க்க: மாலையில் 42உடன் 32 சேர்ந்து 74, பகலில் 66, இரவில் 56. உச்சம் 74 கிலோவாற்று, அதாவது 82 கிலோவோற்று அம்பியர். பழைய நிலைமாற்றியே போதும்.

ஆலை அதிபருக்கு இதனால் என்ன பயன்? இலங்கை மின்சார சபை கைத்தொழிலாளருக்கு வகுத்த கட்டணத்தில் நாள் மூன்று கூறாகப் பிரிக்கப்பட்டது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம். அப்பொழுது அலகின் விலை மிகுதி. இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை மிகக் குறைவு. நாட்டின் சுமை வளையியும் எமது ஒழுங்கையின் வளையியைப் போலவே மாலையில் முடி சூடியிருந்தமையால் இவ்விதி எழுந்தது. அந்த முடியின் மேற்பகுதியை நிரப்பவே விலை கூடிய எண்ணெய் எரிக்கப்பட்டது.

இவ்வெண்களின் எல்லை

வேறுபாட்டுக் காரணி இயற்கை விதியன்று, மக்களின் பழக்கம். பழக்கம் குலையும் நாளில் அதுவும் குலையும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு முடிவில் நாடெங்கும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததைப் பலரும் நினைவுகூர்வர். நெடுநேரம் மின் நின்று மீளும்போது எல்லாக் குளிர்சாதனப் பெட்டிகளும் வெப்பமேறிக் கிடக்கும். எல்லாப் பம்பிகளின் தொட்டிகளும் வெறுமையாகும். மின் வந்ததும் யாவும் ஒருங்கே ஓடத் தொடங்கும். முறைவைத்து இயங்கியவை முறை தவறுகின்றன. வேறுபாடு ஒன்றை நோக்கிச் சரிகின்றது. மின் வந்த சில நிமிடத்தில் உருகி எரிந்து மீண்டும் இருளுமாயின், பழுதைத் தேடுமுன் இதனை நினைத்தல் வேண்டும். வீடுகளில் ஆளிகளை அணைத்து வைத்து ஒவ்வொன்றாகப் போடுவது இதற்கு மருந்து. கோயில் திருவிழா இரவுகளும் இத்தகையன. வேலைநாளின் கணக்கு அன்று பொருந்தாது.

சுமைக் காரணிக்கும் ஒரு குறை உண்டு. அது உச்சத்தின் அளவைக் கூறும். உச்சம் எந்த மணியில் வந்தது, பள்ளம் எந்த மணியில் வந்தது என்று கூறாது. அதனைச் சுமை வளையியே கூறும். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபநிலையத்தில் ஏற்பட்ட பழுதினால் நாடு முழுவதும் மின் இழந்தது. விடுமுறை நாளாதலின் கேள்வி குறைவு. கூரைகளிலுள்ள சூரியக் கலங்களின் வழங்கலோ மிகுதி. சுழலும் பெரிய மின்பிறப்பாக்கிகள் சிலவே இயங்கியமையால் அதிர்ச்சியைத் தாங்கும் உறுதி குறைந்திருந்தது என விளக்கம் கூறப்பட்டது. அன்று இடர் தந்தது வளையியின் முடியன்று, நண்பகற் பள்ளம்.

எமது ஒழுங்கையிலும் கூரைகள்தோறும் சூரியக் கலங்கள் அமையுமாயின் பகற்படி தாழும். அப்பொழுது பனிக்கட்டி ஆலைக்கு ஏற்ற வேளை நள்ளிரவாக இராது, நண்பகலாக மாறலாம். காரணிகளின் பெயரும் வரையறையும் மாறா. அவற்றிலிருந்து பெறும் முடிவு மாறும். ஆகவே, காரணிகளைக் கணக்கிடுமுன் சுமை வளையியை வரைந்து முன்னே வைத்துக்கொள்க. மூன்று எண்களும் அந்த ஒரு கோட்டின் சுருக்கங்களே.